வருவாயின் கணக்கும் நடுப்புள்ளியின் நியாயமும்

பொருளியல் தேர்வுத்தாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு சிறு கணக்கைத்தான் இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருளின் விலை 10 ரூபாயிலிருந்து 12 ரூபாயாக உயர்கிறது. விற்பனை 100 அலகிலிருந்து 82 அலகாகக் குறைகிறது. தேவையின் விலை நெகிழ்ச்சியை நடுப்புள்ளி முறையில் காண்க. விற்பவரின் மொத்த வருவாய் என்னவாகும் என்று கூறுக. ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் பெறாத கேள்வி. மாணவர் சூத்திரத்தில் எண்களை இட்டு விடை எழுதிவிடுவார். ஆசிரியரும் சரி என்று குறியிட்டுவிடுவார். நடுப்புள்ளியை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும், "எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டாலும் ஒரே விடை வரும்" என்ற ஒரு காரணத்தோடு இருவரும் நின்றுவிடுவார்கள். அந்தக் காரணம் உண்மைதான். ஆனால் அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. அது கேள்வியின் இரண்டாம் பாதியாகிய வருவாயிலேயே ஒளிந்திருக்கிறது.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடக்க நிலையை அடிப்படையாக வைத்தால் விலை 20 விழுக்காடு உயர்ந்திருக்கிறது, அளவு 18 விழுக்காடு குறைந்திருக்கிறது. பதினெட்டை இருபதால் வகுத்தால் 0.9. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் தேவை நெகிழ்ச்சியற்றது. ஆகவே விலையை உயர்த்தினால் வருவாய் கூடும் என்று தீர்ப்பெழுதுவோம். முடிவு நிலையை அடிப்படையாக வைத்து, 12 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறங்குவதாகப் பார்த்தால் விலை 16.7 விழுக்காடு குறைகிறது, அளவு 22 விழுக்காடு கூடுகிறது, நெகிழ்ச்சி 1.32. இப்போது அதே தேவை நெகிழ்ச்சியுள்ளதாகிவிட்டது. நடுப்புள்ளி முறையில் அளவின் மாற்றமான 18-ஐ இரு அளவுகளின் சராசரியான 91-ஆல் வகுக்கிறோம், 19.8 விழுக்காடு. விலை மாற்றமான 2-ஐச் சராசரி விலையான 11-ஆல் வகுக்கிறோம், 18.2 விழுக்காடு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.09. குறைக்குறியை ஒதுக்கிவிட்டுப் பேசுகிறேன். விலையும் அளவும் எதிரெதிர்த் திசையில் போவது எல்லோருக்கும் தெரிந்ததே.

மூன்று விடைகள் கிடைத்திருக்கின்றன. இவற்றில் எது சரி என்று கேட்டால், பாடநூல்கள் வழக்கமாகச் சமரசம் பேசும்: மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது ஒன்று என்று இருக்கக் கூடாது, ஆகவே நடுவில் நிற்போம் என்று. இது பஞ்சாயத்துத் தீர்ப்புபோல் இருக்கிறதே தவிர, கணக்கின் நியாயமாக இல்லை. வருவாயை நேரே பெருக்கிப் பார்த்தால் நியாயம் தெரிந்துவிடும். முன்பு 10 ரூபாய் வீதம் 100 அலகு, 1,000 ரூபாய். பின்பு 12 ரூபாய் வீதம் 82 அலகு, 984 ரூபாய். விலையை உயர்த்தியும் வருவாய் 16 ரூபாய் குறைந்திருக்கிறது. 0.9 என்ற விடை வருவாய் கூடும் என்றது; அது பொய்த்தது. 1.09 என்ற விடை குறையும் என்றது, அது நின்றது. ஒரு கேள்வியில் மட்டும் தற்செயலாக நேர்ந்த பொருத்தமன்று இது. எந்த இரண்டு விலைகளையும் எந்த இரண்டு அளவுகளையும் எடுத்துக்கொண்டாலும், நடுப்புள்ளி நெகிழ்ச்சி ஒன்றுக்கு மேலிருந்தால் வருவாய் விலைக்கு எதிர்த்திசையில் போகும். ஒன்றுக்குக் கீழிருந்தால் விலையோடு சேர்ந்து போகும். சரியாக ஒன்றாக இருந்தால் இரு முனைகளிலும் வருவாய் சமமாக இருக்கும். விதிவிலக்கே கிடையாது. நெகிழ்ச்சி என்ற கருத்துக்குப் பெயரும் வடிவமும் தந்தவர் ஆல்ஃபிரெட் மார்ஷல், 1890-இல் வெளிவந்த தம் நூலில். வில் நெகிழ்ச்சியைப் பற்றி 1934-இல் கட்டுரை எழுதிய ஆர்.ஜி.டி. ஆலன், நடுப்புள்ளிச் சூத்திரத்தை ஏற்க மூன்று காரணங்கள் சொன்னார்: அது இருபுறமும் சமமாக நடந்துகொள்கிறது, அளவு எடுக்கும் அலகைச் சார்ந்திருப்பதில்லை, இரு முனைகளிலும் வருவாய் சமமானால் அது சரியாக ஒன்று என்று காட்டுகிறது. முதல் இரண்டும் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. மூன்றாவது, மூன்றிலும் கனமானது, வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அந்த மூன்றாவது காரணம் எப்படி உண்மையாகிறது என்பதைக் காண உயர்கணிதம் தேவையில்லை. விலை உயரும்போது விற்பவருக்கு இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தொடர்ந்து வாங்குகிறவர்களிடமிருந்து கூடுதல் விலை கிடைக்கிறது. விலகிப் போனவர்களின் பணம் போய்விடுகிறது. வரவை எந்த அளவின் மேல் கணக்கிடுவது, இழப்பை எந்த விலையில் கணக்கிடுவது என்பதில்தான் சிக்கல் வருகிறது. தொடக்க நிலையை வைத்துக் கணக்கிடுகிறவர், 100 பேரிடமும் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று 200 ரூபாயை வரவில் எழுதுகிறார். 18 அலகு பழைய விலையில் போய்விட்டது என்று 180 ரூபாயை இழப்பில் எழுதுகிறார். 20 ரூபாய் லாபம் என்று கணக்கை மூடுகிறார். ஆனால் விலகிப்போன அந்த 18 பேர் கூடுதல் இரண்டு ரூபாயை ஒருபோதும் கொடுக்கவில்லை. கொடுக்காதவர்களிடமிருந்து வாங்கியதாக எழுதிய 36 ரூபாயைக் கழித்தால் 20 ரூபாய் வரவு 16 ரூபாய் இழப்பாக மாறுகிறது. நடுப்புள்ளி முறை இந்த 36-ஐச் சரிபாதியாகப் பிரித்து, வரவிலிருந்து 18-ஐக் குறைத்து, இழப்போடு 18-ஐச் சேர்க்கிறது. சராசரி அளவான 91-ஐ 2-ஆல் பெருக்கினால் 182 வரவு, சராசரி விலையான 11-ஐ 18-ஆல் பெருக்கினால் 198 இழப்பு, வித்தியாசம் 16. தோராயம் ஏதுமின்றிக் கணக்கு நேராகிவிட்டது. குறியீட்டில் எழுதினால் இவ்வளவுதான்:

```
R2 − R1 = (சராசரி Q) × (P2 − P1) + (சராசரி P) × (Q2 − Q1)
```

இந்தச் சமன்பாட்டின் வலப்பக்கத்திலுள்ள இரண்டு உறுப்புகளில் இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது நடுப்புள்ளி நெகிழ்ச்சியேதான். நம் கணக்கில் 198-ஐ 182-ஆல் வகுத்தால் 1.09. நெகிழ்ச்சி என்பது இழப்புக்கும் வரவுக்கும் உள்ள விகிதம் என்று ஆகிவிட்ட பிறகு, ஒன்று என்ற எல்லைக்கோடு ஏன் அவ்வளவு முக்கியமாகிறது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, தொடக்க நிலை அடிப்படையில் விளையும் பிழைக்கு ஒரு சாய்வு இருக்கிறது என்பது. விலை உயரும்போது அது நெகிழ்ச்சியைக் குறைத்துக் காட்டுகிறது. விலை குறையும்போது கூட்டிக் காட்டுகிறது. ஆகவே உயர்த்தினாலும் வருவாய் நன்றாகத் தெரியும், குறைத்தாலும் நன்றாகத் தெரியும். விலையை மாற்ற ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சாதகமாகவே பேசும் கணக்கு அது. 20 விழுக்காட்டு மாற்றத்தில் இந்தச் சாய்வு சிறியது. நெகிழ்ச்சி ஒன்றுக்கு அருகில் இருந்தால் மட்டுமே தீர்ப்பைப் புரட்டும். விலை பெரிதாக மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் பென்னி அஞ்சல் அது.

1840-க்கு முன் பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தைப் பொறுத்தும் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் ஏறியது. பெரும்பாலும் பெற்றுக்கொள்பவரே கட்டணம் கொடுத்தார். உள்நாட்டில் ஒரு சாதாரணக் கடிதத்துக்குச் சராசரியாக ஆறு பென்ஸுக்கு மேல் ஆனது. உழைக்கும் மக்களின் அன்றாடக் கூலிக்கு அது பெருந்தொகை. 1837-இல் ரோலண்ட் ஹில் வெளியிட்ட சிறுநூல் இந்த முறையை அடியோடு மாற்றச் சொன்னது. அவருடைய வாதத்தில் இரண்டு கணக்குகள் இருந்தன. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துசெல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் 36-இல் ஒரு பங்குதான் என்பது முதலாவது. ஆகவே தூரத்துக்குக் கட்டணம் வசூலிப்பதில் பொருளே இல்லை. மக்கள்தொகையும் வணிகமும் பெருகியும் அஞ்சல் வருவாய் 1815-க்குப் பின் 20 ஆண்டுகளாக ஏறவே இல்லை என்பது இரண்டாவது. அதே காலத்தில் பயணிகள் வண்டிகளின் மீதான வரி வருவாய் இரு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. கட்டணம் தாங்க முடியாமல் மக்கள் கடிதம் எழுதுவதையே விட்டுவிட்டார்கள், அல்லது கள்ளத்தனமாக வேறு வழியில் அனுப்பினார்கள் என்று ஹில் முடிவுகட்டினார். அரை அவுன்ஸ் எடைக்குள் உள்ள கடிதத்துக்கு நாடெங்கும் ஒரு பென்னி என்று வைத்தால் கடிதங்கள் ஐந்து மடங்கு பெருகும் என்று எதிர்பார்த்தார். 1840 ஜனவரி 10 அன்று பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. தேர்வுத்தாள் கேள்விகளில் யாரோ ஒருவர் கற்பனையாக விலையை மாற்றுவார். இங்கே அரசே ஒரே நாளில் மாற்றியது. விலை மாறியது தேவை மாறியதால் அன்று, சட்டத்தால். நெகிழ்ச்சியை அளக்க இதைவிடத் தெளிவான சூழ்நிலை எளிதில் வாய்க்காது.

நடந்தது இதுதான். கட்டணம் செலுத்திய கடிதங்கள் 1839-இல் ஏறத்தாழ 7.6 கோடி, 1840-இல் 16.9 கோடி. அஞ்சல் துறையின் மொத்த வருவாய் 1839-இல் 23.9 லட்சம் பவுன், 1840-இல் 13.6 லட்சம் பவுன். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ் என்ற அந்நாளைய கணக்கில் வருவாயைக் கடித எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கடிதத்துக்குக் கிடைத்த சராசரித் தொகை 7.55 பென்ஸிலிருந்து 1.93 பென்ஸாக இறங்கியிருக்கிறது. இந்த நான்கு எண்களையும் ஒரு மாணவர் தொடக்க நிலை அடிப்படையில் கணக்கிட்டால் என்ன எழுதுவார்? அளவு 122 விழுக்காடு கூடியது, விலை 74 விழுக்காடு குறைந்தது, நெகிழ்ச்சி 1.64. தேவை மிகவும் நெகிழ்ச்சியுள்ளது. விலைக் குறைப்பால் வருவாய் உயரும். விடை எவ்வளவு நம்பிக்கையோடு நிற்கிறது பாருங்கள்! கஜானாவிலோ 10.3 லட்சம் பவுன் குறைந்திருக்கிறது. பத்தில் நான்கு பங்குக்கும் மேலான சரிவு. நடுப்புள்ளியில் கணக்கிட்டால் அளவின் மாற்றம் 9.3 கோடி, சராசரி 12.25 கோடி, ஆக 76 விழுக்காடு; விலையின் மாற்றம் 5.62 பென்ஸ், சராசரி 4.74 பென்ஸ், ஆக 119 விழுக்காடு, நெகிழ்ச்சி 0.64. நெகிழ்ச்சியற்ற தேவை, விலையைக் குறைத்தால் வருவாய் குறையும். அப்படியே குறைந்தது. விலை எப்படி நூறு விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்று இங்கே சிலர் மலைப்பதுண்டு. வகுத்தது சராசரியால், நடுப்புள்ளி விழுக்காட்டின் உச்சவரம்பு 200. மலைக்க ஒன்றுமில்லை.

தவறான கணக்கு எங்கே சறுக்கியது என்பதைப் பவுனில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். அது பழைய 7.6 கோடிக் கடிதங்களில் ஒவ்வொன்றுக்கும் 5.62 பென்ஸ் இழந்ததை 17.8 லட்சம் பவுன் என்று சரியாகவே எழுதுகிறது. ஆனால் புதிதாக வந்த 9.3 கோடிக் கடிதங்களைப் பழைய விலையான 7.55 பென்ஸுக்கு மதிப்பிட்டு 29.3 லட்சம் பவுன் வரவு வைக்கிறது. அந்தக் கடிதங்கள் எழுதப்பட்டதே பழைய விலை ஒழிந்ததால்தான், 7.55 பென்ஸ் கொடுத்து அவற்றை அனுப்ப எவரும் இருக்கவில்லை. இப்படிக் காகிதத்தில் மட்டும் இருந்த 21.8 லட்சம் பவுன்தான் 11.5 லட்சம் வரவாகத் தெரிந்ததை 10.3 லட்சம் இழப்பாக மாற்றியது. நடுப்புள்ளிக் கணக்கு விலைக்குறைப்பின் இழப்பை 28.7 லட்சம் என்றும் கூடுதல் கடிதங்களின் வரவை 18.4 லட்சம் என்றும் பிரிக்கிறது. வித்தியாசம் கஜானாவின் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது.

இந்த எண்களின் மீது நியாயமான ஐயம் ஒன்று எழலாம். வருவாயைக் கடிதங்களால் வகுத்து "விலை" என்று எடுத்துக்கொள்வது சரியா? சட்டப்படி விலை ஒரு பென்னி, 1.93 எங்கிருந்து வந்தது? முன்பணம் கட்டாத கடிதத்துக்கு இரு மடங்கு வசூலித்தார்கள், எடை கூடினால் கட்டணம் கூடியது, வெளிநாட்டுக் கடிதங்களின் வருவாயும் அதில் கலந்திருக்கிறது. ஆகவே சராசரி வருவாய் தூய்மையான விலையாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்நாட்டுக் கடிதத்துக்கு ஆறேகால் பென்ஸ் ஒரு பென்னியானது என்று வைத்துக் கணக்கிட்டாலும் விலை மாற்றம் 145 விழுக்காடாகி நெகிழ்ச்சி 0.52-க்கு இறங்குகிறது, தீர்ப்பு மாறவில்லை, இன்னும் அழுத்தமாகிறது. வேறொரு கலப்படமும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் இலவசமாகக் கடிதம் அனுப்பும் சலுகை பென்னி அஞ்சலோடு ஒழிந்தது. அதுவரை கட்டணமில்லாமல் போன அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களில் பல இப்போது கட்டணக் கடிதங்களாயின. அவை விலை குறைந்ததால் பிறந்தவை அல்ல. அவற்றைக் கழித்தால் உண்மையான நெகிழ்ச்சி இன்னும் சற்றுக் குறைவாகவே இருக்கும். கள்ள வழியை விட்டு அஞ்சலுக்குத் திரும்பிய கடிதங்களின் கதை வேறு. கடிதம் எழுதும் தேவை அங்கே மாறவில்லை. அஞ்சல் துறையின் சேவைக்கான தேவை மாறியது. கஜானாவைப் பற்றிய கேள்வி என்றால் அவற்றைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, கூர்மையான ஒரு மறுப்பு. இரு விலைகளும் இரு அளவுகளும் கையில் இருந்தால் வருவாயைப் பெருக்கியே பார்த்துவிடலாமே, நெகிழ்ச்சி எதற்கு? நடந்து முடிந்ததைப் பற்றி மட்டும் கேட்டால் இந்த மறுப்பு முழுக்கச் சரி. பெருக்கல் போதும், நெகிழ்ச்சியைக் கணக்கிடுவது சுற்றி வளைப்பது. உண்மையில் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே: விடைத்தாளின் ஓரத்தில் முதலில் இரு வருவாய்களையும் பெருக்கிவிடுங்கள். நெகிழ்ச்சி ஒன்றுக்கு மேலா கீழா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பின்னத்தைத் தலைகீழாக வகுத்திருந்தாலோ சராசரிக்குப் பதிலாகத் தொடக்க எண்ணால் வகுத்திருந்தாலோ பிழை உடனே அகப்படும். நெகிழ்ச்சிக்கு வேலை வருவது அடுத்த படியில், இரண்டாவது அளவு இன்னும் தெரியாதபோது. ஒரு சேவையின் விலையை 20 ரூபாயிலிருந்து 30 ஆக்கப் போகிறார்கள்; இப்போது நாளொன்றுக்கு 1,000 பேர் வாங்குகிறார்கள்; பழைய அனுபவத்தில் நடுப்புள்ளி நெகிழ்ச்சி 0.5 என்று தெரிகிறது. வருவாய் என்னவாகும்? விலையின் நடுப்புள்ளி மாற்றம் பத்தை இருபத்தைந்தால் வகுக்க 40 விழுக்காடு. ஆகவே அளவின் மாற்றம் 20 விழுக்காடு. இங்கேதான் பலரும் வழுக்குவது. ஆயிரத்தில் 20 விழுக்காட்டைக் கழித்து 800 என்று எழுதுகிறார்கள். அந்த 20 விழுக்காடு தொடக்க அளவின் மேல் கணக்கிட்டதன்று. இன்னும் தெரியாத சராசரியின் மேல் கணக்கிட்டது. சராசரிக்கு மேலே பத்து விழுக்காட்டில் பழைய அளவும், கீழே பத்து விழுக்காட்டில் புதிய அளவும் நிற்கின்றன. ஆகவே 1,000-ஐ 1.1-ஆல் வகுத்தால் சராசரி 909, அதை 0.9-ஆல் பெருக்கினால் புதிய அளவு 818. வருவாய் 20,000-லிருந்து ஏறத்தாழ 24,500 ஆகிறது. 800 என்று எழுதியவர் 24,000 என்பார். நடுப்புள்ளியில் அளந்துவிட்டுத் தொடக்கப் புள்ளியில் பயன்படுத்துவது, படியால் அளந்து வாங்கிய நெல்லை மரக்காலால் அளந்து திருப்பிக் கொடுப்பதைப் போன்றது.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. நடுப்புள்ளி முறை இரண்டு முனைகளை மட்டுமே பார்க்கிறது. இடையில் தேவைக் கோடு எப்படி வளைந்தது என்று அதற்குத் தெரியாது. ஒன்று என்ற விடை வந்தால் வருவாய் மாறாது என்று எழுதிவிடுகிறோம். விலை 40 ரூபாயில் 60 அலகும், 60 ரூபாயில் 40 அலகும் விற்கும் ஒரு நேர்கோட்டுத் தேவையை எடுத்துக்கொள்வோம். இரு முனையிலும் வருவாய் 2,400. நடுப்புள்ளி நெகிழ்ச்சி சரியாக 1. ஆனால் இடையே 50 ரூபாயில் 50 அலகு விற்கிறது; வருவாய் 2,500. வருவாய் ஏறி உச்சத்தைத் தொட்டு இறங்கியிருக்கிறது; சூத்திரம் அதைக் காணவில்லை. இந்தக் குறையை நான் மறுக்கப் போவதில்லை. இரண்டு விலைகளில் எது மேல் என்ற கேள்விக்கு நடுப்புள்ளி பிசகாத விடை தருகிறது. எந்த விலை எல்லாவற்றிலும் மேல் என்ற கேள்வி அதனிடம் கேட்கத் தக்கதன்று. அதற்குத் தேவைக் கோடு முழுவதும் தெரிய வேண்டும், அல்லது இடைப்பட்ட விலைகளிலும் அளந்திருக்க வேண்டும். பென்னி அஞ்சல் விஷயத்திலேயே இது பொருந்தும். ஏழரைப் பென்ஸிலிருந்து இரண்டு பென்ஸுக்கு ஒரே தாவலாக இறங்கியதில் வருவாய் குறைந்தது என்பதால், இடையில் நான்கோ ஐந்தோ பென்ஸ் வைத்திருந்தாலும் குறைந்திருக்கும் என்று 0.64 சொல்லவில்லை. 1839 டிசம்பர் 5 முதல் ஐந்து வாரங்களுக்கு நான்கு பென்ஸ் என்ற ஒரே கட்டணம் இருந்தது. ஆனால் அந்தச் சிறு இடைவெளி மக்களின் பழக்கம் மாறப் போதாது. எல்லோரும் ஜனவரியில் வரப்போகும் பென்னிக்காகக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்கள் என்று கருதுவதும் தவறாகாது.

பழக்கம் மாற எடுக்கும் காலம் என்பதே அடுத்த சிக்கல். முதல் ஆண்டில் இரண்டேகால் மடங்குகூட ஆகாத கடிதங்கள் 1850-இல் ஏறத்தாழ 34.7 கோடியாயின, ஹில் சொன்ன ஐந்து மடங்கைத் தொடும் தூரம். மொத்த வருவாய் 22.6 லட்சம் பவுனாக ஏறி, 1839-இன் அளவை நெருங்கியது. 1839-ஐயும் 1850-ஐயும் முனைகளாக வைத்தால் நடுப்புள்ளி நெகிழ்ச்சி 0.98 வருகிறது. இதைப் பார்த்துவிட்டு, குறுகிய காலத்தில் 0.64 ஆக இருந்த நெகிழ்ச்சி நீண்ட காலத்தில் ஒன்றை எட்டியது என்று எழுதினால் பாதிதான் சரி. காலம் நீளும்போது நெகிழ்ச்சி கூடும் என்பது பொதுவாக ஏற்கத் தக்கதே. எழுதப் படிக்கக் கற்பதும், கடைக்காரர் கடிதம் மூலம் சரக்குக் கேட்பதும் ஓராண்டில் நடப்பவை அல்ல. ஆனால் அந்தப் பத்தாண்டில் இருப்புப்பாதை ஏறத்தாழ 1,500 மைலிலிருந்து 6,000 மைலுக்கு மேல் நீண்டது, மக்கள்தொகை பெருகியது, நகரங்களுக்கு இடம்பெயர்ந்தவர்களின் குடும்பங்கள் பிரிந்து வாழத் தொடங்கின. கட்டணம் மாறாமலே இருந்திருந்தாலும் இவற்றால் கடிதங்கள் கூடியிருக்கும். 0.98 என்ற எண்ணில் விலையின் பங்கும் இவற்றின் பங்கும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. தேர்வுக் கேள்வியில் "பிற நிலைமைகள் மாறாதிருக்க" என்று ஒரு தொடர் வரும். மாணவர்கள் அதைத் தாண்டிப் படித்துவிடுவார்கள். 1840-இன் எண்ணை நம்பலாம், 1850-இன் எண்ணைத் தயங்கியே நம்பலாம் என்பதற்குக் காரணம் அந்தத் தொடர்தான்.

வருவாய் குறைந்ததால் பென்னி அஞ்சல் தோல்வி என்று ஆகிவிடுமா? அப்போதே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 1842-இல் பிரதமர் பீல் வருமான வரியை மீண்டும் கொண்டுவந்தபோது அரசின் பற்றாக்குறைக்கு அஞ்சல் இழப்பும் ஒரு பங்கு சேர்த்திருந்தது. ஆனால் பழைய உயர்ந்த கட்டணம் உண்மையில் கடிதத்தின் மேல் போட்ட வரி. அந்த வரியை இழக்க நாடாளுமன்றம் தெரிந்தே ஒப்புக்கொண்டது. இந்தியாவில் 1854-இல் தூரம் பாராமல் அரையணாவுக்குக் கடிதம் என்ற கட்டணம் வந்தபோதும் பின்னணியில் இருந்தது இதே வாதம்தான். நெகிழ்ச்சி, இழப்பு எவ்வளவு என்று சொல்லும். இழக்கத் தகுமா என்று அதனிடம் கேட்க முடியாது.

வருவாயும் லாபமும் ஒன்றாகாது என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை முடிக்க இயலாது. கேள்வித்தாள்கள் பெரும்பாலும் இங்கேதான் நின்றுவிடுகின்றன. அஞ்சல் துறையின் செலவு 1839-இல் 7.6 லட்சம் பவுன், 1840-இல் 8.6 லட்சம். ஒன்பது கோடிக்கு மேல் கூடுதல் கடிதங்களைச் சுமக்க ஒரு லட்சம் பவுன் மட்டுமே கூடியது. கடிதத்துக்கு ஏறத்தாழ கால் பென்னி. ஆனாலும் நிகர வருவாய் 16.3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக விழுந்தது. நெகிழ்ச்சி ஒன்றுக்குக் கீழே இருக்கும்போது விலைக்குறைப்பு வருவாயைக் குறைக்கிறது, விற்பனை கூடுவதால் செலவை ஏற்றுகிறது. லாபம் இரு பக்கமும் அடிபடுகிறது. அங்கே தீர்ப்புத் தெளிவு. ஒன்றுக்கு மேலே இருந்தால் தெளிவில்லை. தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். நெகிழ்ச்சி 1.09, விலை உயர்வால் வருவாய் 16 ரூபாய் குறைகிறது, ஆகவே விற்பவர் விலையை உயர்த்தக் கூடாது என்று விடைக் குறிப்புகள் முடிக்கின்றன. ஆனால் அவர் 18 அலகுகளை உற்பத்தி செய்யாமல் விடுகிறார். பதினாறைப் பதினெட்டால் வகுத்தால் 89 காசு. ஓர் அலகைத் தயாரிக்க 89 காசுக்கு மேல் செலவாகும் எந்தப் பொருளாக இருந்தாலும், வருவாய் குறைந்தும் லாபம் கூடுகிறது. பத்து ரூபாய்க்கு விற்கும் பண்டத்தில் அடக்கவிலை ஆறு ரூபாய் என்றால், மிச்சமாகும் செலவு 108 ரூபாய்; லாபம் 400-லிருந்து 492 ஆகிறது. வருவாய் குறையும் என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம். உயர்த்தக் கூடாது என்று எழுதிய வரிக்கு, அடக்கவிலை கேள்வியில் கொடுக்கப்படாத வரை, மதிப்பெண் தர வழியில்லை.